ரயிலுக்குக் கட்டும் புளிச்சோறு: 20 மணி நேரம் தாங்க வைப்பது எப்படி?

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 10 மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லி போய்ச் சேர ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி, ஒரு முழுப் பகல், மறுபடி ஒரு ராத்திரி. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வண்டி பல்லார்ஷாவைத் தாண்டி நாக்பூரை நெருங்கிக்கொண்டிருக்கும். மே மாதம் என்றால் இந்தியாவிலேயே வெயில் கொளுத்தும் பகுதி அது. நீங்கள் சோறு வடித்து அப்போது 20 மணி நேரத்தை நெருங்கியிருக்கும். அந்த நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்தால் சோறு நன்றாக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த ஒரு பொட்டலத்தைப் பற்றியது.

புளியோதரை தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எலுமிச்சைச் சாதமும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பித்தான் ஒரு மே மாதம் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில் நாலு பேருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன். மறுநாள் 12 மணிக்குத் திறந்தேன். மேலே மஞ்சளாக, நல்ல வாசனையாகத்தான் இருந்தது. நடுவில் கையை விட்டுக் கிளறினால் பாதி வெள்ளையாக ஒரு கட்டி. அதைப் பிட்டபோது விரலில் மெல்லிய நூல் மாதிரி இழுத்தது. அத்தனையையும் குப்பையில் போட்டோம். புளிப்பு சோற்றுக்குள் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று யோசிக்க ஆரம்பித்தது அந்தக் கட்டியைப் பார்த்த பிறகுதான்.

சோறு ஏன் ஊசிப்போகிறது

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும். மண்ணிலிருந்து வருவது. அரிசியை எத்தனை முறை களைந்தாலும் முழுதாகப் போகாது. இது ஸ்போர் என்ற, விதை மாதிரியான உருவத்தில் உறங்கிக் கிடக்கும். கொதிக்கிற தண்ணீர் மற்ற பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும், இந்த ஸ்போர்களில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். சோறு வெந்து ஆறும்போது அவற்றுக்கு ஈரம், மாவுச்சத்து, இதமான சூடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. போட்டிக்கும் யாரும் இல்லை. முளைத்துப் பெருக ஆரம்பித்துவிடும்.

அப்படிப் பெருகும்போது சில வகைகள் வாந்தி உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சோற்றிலேயே விட்டு வைக்கும். அந்தச் சோற்றைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி வரும். இந்த நஞ்சு சூடு செய்தாலும் அழியாது, அதற்கென்று தனியாக ஒரு கெட்ட வாடையும் கிடையாது. அதனால் ‘சூடு பண்ணிச் சாப்பிட்டால் சரியாகிவிடும்’, ‘மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற இரண்டுமே சோற்று விஷயத்தில் செல்லாது. நஞ்சு உண்டாகாமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

தடுப்பதற்கு மூன்று வழி உண்டு. குளிரில் வைக்கலாம், ரயிலில் அது முடியாது. ஈரத்தை எடுக்கலாம், அப்படி எடுத்தால் அது சோறாக இருக்காது, பொரி ஆகிவிடும். மிச்சமிருப்பது புளிப்பு.

புளிப்பை பிஎச் என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும், ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு. வெறும் சோறு 6 முதல் 7-க்குள் இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும், புளிக்கரைசல் 3-ஐ ஒட்டி இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் 5-க்கு மேல் வசதியாக வளரும். 4.5-ஐ ஒட்டித் திணறும், அதற்கும் கொஞ்சம் கீழே போனால் நின்றுவிடும். ஜப்பானியர்களின் சுஷிச் சோற்றில் வினிகர் கலப்பதற்கும் இந்தப் பலன் உண்டு. அமெரிக்காவில் பல இடங்களில் சுஷிச் சோற்றைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்து விற்க வேண்டுமென்றால் அதன் பிஎச் 4.6-க்கு மேல் போகவில்லை என்று கடைக்காரர் அளந்து காட்ட வேண்டும். நம் பாட்டிமார்கள் அளவுகோல் இல்லாமல் அதே வேலையைச் செய்தார்கள்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. புளிப்பு ஸ்போரைக் கொல்லாது, முளைக்க விடாமல் தடுத்து வைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே உண்டாகிவிட்ட நஞ்சையும் அது ஒன்றும் செய்யாது. காலையில் வடித்துச் சாயங்காலம் வரை சமையலறையில் கிடந்த சோற்றில் புளிக்காய்ச்சலைக் கொட்டினால், அது கெட்டுப்போக ஆரம்பித்த சோற்றுக்குப் புளிப்புச் சுவை சேர்த்த கதைதான். பயணத்துக்குச் சோறு அன்றைக்கே வடித்ததாக, சூடு ஆறுவதற்குள் புளி பிடித்ததாக இருக்க வேண்டும்.

புளியும் எலுமிச்சையும் ஒன்றல்ல

எலுமிச்சைச் சாறு புளிக்கரைசலைவிடக் கடுமையான புளிப்பு. அப்படியிருந்தும் எலுமிச்சைச் சாதம் முதலில் கெடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

400 கிராம் அரிசி, அதாவது நாலு பேருக்கான இரண்டு டம்ளர், வெந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சோறு வரும். வீட்டில் அதற்கு இரண்டு எலுமிச்சம்பழம் பிழிவோம். நம்மூர்ப் பழத்தில் ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லி சாறு வரும். சாற்றில் சிட்ரிக் அமிலம் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு. ஆக மொத்தம் சோற்றில் சேர்வது 2 கிராம் அமிலம். அதே சோற்றுக்குப் புளி 80 கிராம் போடுவோம். புளியில் டார்டாரிக் அமிலம் நூற்றுக்குப் பத்துப் பங்கு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 8 கிராம். வழக்கமான கைப்பக்குவத்தில் எலுமிச்சைச் சாதத்தில் இருக்கும் அமிலம் புளியோதரையில் இருப்பதில் கால் பங்கு.

அளவு மட்டும் காரணம் இல்லை. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்க வைத்தால் கசக்கும், மணமும் போய்விடும். அதனால் சோறு நன்றாக ஆறிய பிறகுதான் பிழிவோம். ஆறிய சோறு உதிரியாக இருக்காது, கட்டிகளும் முழுதாகப் பிரியாது. நீர்த்த சாறு மேலாகத் தெளிக்கப்பட்டு, கட்டிகளுக்குள் போகாமல் நின்றுவிடும். மஞ்சள் நிறத்தைப் பார்த்து எல்லா இடத்திலும் கலந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் மஞ்சள் தாளிப்பு எண்ணெயோடு வந்தது, சாறு தனியாக வந்தது. நிறம் போன இடத்துக்கெல்லாம் புளிப்பும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. புளிக்காய்ச்சலில் இந்தச் சிக்கல் இல்லை. அது கொதித்துக் குறுகியது, சூடான சோற்றில் விழுவது, அதன் பழுப்பு நிறமே புளியின் நிறம். வெள்ளைப் பருக்கை தெரிந்தால் அங்கே புளி படவில்லை என்று உடனே தெரியும்.

டார்டாரிக் அமிலம் கொதிக்கும்போது ஆவியாகிப் போவதும் இல்லை. தண்ணீர்தான் போகும். அரை லிட்டர் கரைசலைச் சுண்டக் காய்ச்சினாலும் அமிலம் அத்தனையும் சட்டியிலேயே நிற்கும்.

என் தீர்ப்பு இதுதான். எலுமிச்சைச் சாதம் ஏறியதும் சாப்பிடும் முதல் வேளைக்கு மட்டும், செய்து 6 மணி நேரத்துக்குள். அதற்கு அடுத்த வேளைகளுக்குப் புளி.

மூன்று நாள் முன்னால்: புளிக்காய்ச்சல்

புளிக்காய்ச்சலைக் கிளம்பும் நாளில் செய்யாதீர்கள். முன்கூட்டியே செய்தால் நிதானமாகச் சுண்ட விடலாம். நிதானம் இல்லாத காய்ச்சல் தண்ணியாக இருக்கும், தண்ணியாக இருந்தால் சோறு குழையும்.

பழைய கறுத்த புளி 120 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை, நார், கோது எல்லாம் நீக்கிய பிறகு இந்த எடை இருக்க வேண்டும். இதில் மூன்றில் இரண்டு பங்கு சோற்றுக்கு, மிச்சம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கொதிக்கிற தண்ணீர் அரை லிட்டரில் அரை மணி நேரம் ஊற வைத்து, கரைத்து, வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இரண்டாம் முறையும் பிழியுங்கள். எப்படியும் சுண்டப் போகிறது, தண்ணீர் கூடினால் பரவாயில்லை.

கனமான எவர்சில்வர் வாணலியோ கல்சட்டியோ வேண்டும். அலுமினியம் வேண்டாம், ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளி அந்த உலோகங்களைத் தின்னும், அது சோற்றில் இறங்கும். இரும்பில் செய்தால் ஆபத்தில்லை என்றாலும் காய்ச்சல் கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

120 மில்லி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு ஒரு தேக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் பத்து, பெருங்காயம், கறிவேப்பிலை. பருப்பு நன்றாகச் சிவக்க வேண்டும். அரைகுறையாகப் பொரிந்த பருப்புக்குள் ஈரம் மிச்சமிருக்கும். கறிவேப்பிலையைக் கழுவியிருந்தால் துணியில் ஒற்றி, எண்ணெயிலேயே மொறுமொறுப்பாகும் வரை விடுங்கள். பச்சை இலையைக் கடைசியில் தூவும் பழக்கம் ரயிலுக்கு ஆகாது. அப்புறம் மஞ்சள்தூள், புளிக்கரைசல், இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு.

நடுத்தரத் தீயில் 25 முதல் 30 நிமிடம். முதலில் பெரிய பெரிய குமிழாகக் கொதிக்கும். பிறகு குமிழ் சின்னதாகி, சட்டியில் இருப்பது தொப் தொப்பென்று தெறிக்க ஆரம்பிக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு சட்டென்று மூடிக்கொள்ளக் கூடாது. அந்தப் பதத்தில் வறுத்து அரைத்த பொடியைச் சேருங்கள்: மல்லி இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் நாலு. இன்னும் இரண்டு நிமிடம் கொதித்தால் போதும்.

வெல்லம் போடுபவர்கள் நெல்லிக்காய் அளவுக்கு மேல் போட வேண்டாம். வெல்லம் அமிலத்தைக் குறைக்காது. நாக்கைத்தான் ஏமாற்றும். வெல்லம் போட்ட காய்ச்சலைச் சோற்றில் கலந்துவிட்டுப் ‘புளிப்பு பத்தாது’ என்று தோன்றினால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. புளிப்புப் பிடிக்காத குழந்தைக்காகக் காய்ச்சலையே பாதியாகக் குறைத்துக் கலந்தால்தான் சிக்கல். அந்தக் குழந்தையின் பொட்டலத்தைத் தனியாக வைத்து முதல் வேளைக்கே கொடுத்துவிடுங்கள். தேங்காய், வெங்காயம், பூண்டு மூன்றும் இந்தக் காய்ச்சலில் வேண்டாம்.

ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். இந்த அளவு உப்பும் புளிப்பும் சுண்டிய பதமும் இருந்தால் வெளியிலேயே ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஈரக் கரண்டி படக் கூடாது.

கிளம்பும் நாள்: சோறு

பச்சரிசியோ பொன்னிப் புழுங்கலோ எதுவானாலும் பழைய அரிசியாக இருக்கட்டும். புது அரிசி குழையும், குழைந்தால் கட்டி, கட்டி இருந்தால் நடுவில் புளி போகாது. 400 கிராம் அரிசிக்கு வழக்கமாக வைக்கும் தண்ணீரில் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். பருக்கை வெந்திருக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. குக்கரில் வைத்தால் ஆவி அடங்கியதும் அப்படியே மூடி வைத்திருக்காமல் உடனே திறந்து எடுங்கள்.

அகலமான தாம்பாளம் ஒன்றில், இருந்தால் இரண்டில், சோற்றைக் கொட்டிப் பரப்புங்கள். இந்த இடத்தில்தான் வீட்டுக்கு வீடு பழக்கம் மாறுகிறது. பலரும் முதலில் நல்லெண்ணெய் ஊற்றிச் சோற்றை ஆற விடுவார்கள், பருக்கை உடையாமல் இருக்கும் என்று. எங்கள் பெரியம்மா அதற்கு விட மாட்டார். "ஆவி போறதுக்குள்ள புளி விழணும்டா, ஆறிப்போனா எங்க பிடிக்கும்?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புளியின் அமிலம் தண்ணீரில் கரைந்திருக்கிறது, எண்ணெயில் இல்லை. பருக்கையின் மேல் எண்ணெய் முதலில் படிந்துவிட்டால் புளி உள்ளே இறங்குவதற்கு அது ஒரு திரை. அதோடு நேரமும் முக்கியம். 60 டிகிரிக்கு மேல் இந்த பாக்டீரியா பெருகாது. சோறு அதற்குக் கீழே இறங்குவதற்குள் ஒவ்வொரு பருக்கையிலும் புளி பட்டிருந்தால், பாக்டீரியாவுக்கு வசதியான நேரமே வராது.

ஆக, ஆவி பறக்கும்போதே காய்ச்சலில் மூன்றில் இரண்டு பங்கை அங்கங்கே விடுங்கள். காய்ச்சல் ரொம்பக் கெட்டியாக இருந்தால் சட்டியில் சூடு செய்து, மூன்று கரண்டி கொதிநீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். மரக்கரண்டியின் ஓரத்தால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். கை போடாதீர்கள். கை வைத்துக் கலந்தால் ருசி என்பார்கள், கையிலிருந்து வேறு கிருமிகளும் ருசியோடு சேர்ந்து போகும். கரண்டியில் கட்டி தட்டுப்பட்டால் அதை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காய்ச்சல் விட்டுப் புரட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு முழுதாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எல்லாம் ஒரே நிறமானதும் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் மேலாக விட்டு மறுபடி ஒரு புரட்டு. இந்த எண்ணெய் கிருமிக்காக இல்லை, சோறு வறண்டு விறைத்துப்போகாமல் இருக்க.

சுவை பார்க்கும்போது வழக்கத்தைவிட ஒரு படி தூக்கலாகப் புளிக்க வேண்டும், உப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். ஊற ஊறப் பருக்கை இரண்டையும் உள்ளே வாங்கிக்கொள்ளும், மறுநாள் சரியாக இருக்கும்.

இனி ஆற வேண்டும். மின்விசிறிக்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி வைத்தால் அரை மணி முதல் முக்கால் மணியில் ஆறிவிடும். சூட்டோடு கட்டினால் ஆவி மூடியில் பட்டு நீராகி மேல் சோற்றில் சொட்டும். அந்த இடத்தில் புளி நீர்த்துப்போகும். நடுச்சோறும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கையை மேலே வைத்தால் சூடு தெரியக் கூடாது, தாம்பாளத்தின் அடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

கட்டுவது

பெரிய தூக்கில் மொத்தமாக அடைத்துப் போவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒருவர் சாப்பிடக் கரண்டி விட்டால் மிச்ச மூன்று பேர் சோறும் தொட்ட சோறுதான். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டுங்கள், சுமார் 250 கிராம். பிரித்த பொட்டலத்தை அப்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

வாழை இலையைத் தணலில் இரண்டு பக்கமும் வாட்டி, துடைத்து, ஈரமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டினால் இலை கிழியாமல் மடியும், மேலே இருக்கும் கிருமியும் குறையும். காய்ந்த மந்தாரை இலையும் நல்லதுதான். வெளிச்சுற்றுக்குச் செய்தித்தாள் வைப்பது வழக்கம். அச்சு மை உணவில் படக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது, எண்ணெயும் புளியும் கசியும் சோற்றுக்கு அது இன்னும் பொருந்தும். வெள்ளைத்தாள் சுற்றுங்கள். அலுமினியத் தாள் வேண்டாம், ஒரு ராத்திரியில் அதில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். எவர்சில்வர் டப்பா வைத்திருந்தால் ஆளுக்கொன்று, முழுதாக நிரப்பாமல்.

வேர்க்கடலையை வறுத்துத் தனிப் பொட்டலமாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே கலந்தால் நமுத்துப்போகும். அப்பளமும் அப்படியே.

எலுமிச்சைச் சாதம் செய்தால்

முதல் வேளைக்குச் செய்கிறீர்கள் என்றால் 200 கிராம் அரிசிக்கு மூன்று பழம். அது வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. 50 மில்லி சாறு சேர்வதால் சோற்றை இன்னும் விறைப்பாக வடிக்க வேண்டும். தாளிப்பையும் உப்பையும் சூடான சோற்றில் கலந்து கட்டிகளை உடைத்துவிடுங்கள். ஆவி அடங்கி, விரல் பொறுக்கும் சூடாக இருக்கும்போதே சாற்றைத் தெளித்துப் புரட்டுங்கள், முழுதாக ஆறும் வரை காத்திருக்க வேண்டாம். மணம் கொஞ்சம் குறையும்தான். பச்சை மிளகாயும் இஞ்சியும் எண்ணெயில் நன்றாக வதங்கட்டும். கொத்தமல்லித்தழை, தேங்காய்த்துருவல், வெங்காயம் வேண்டாம்.

அந்த 33 மணி நேரம்

மே மாதம், ஸ்லீப்பர் பெட்டி, நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம்.

மாலை 5 மணிக்குப் புளிச்சோற்றுக்கு அரிசி வையுங்கள். 5.45-க்குக் கலந்து முடித்து, 6.30-க்கு ஆறி, 7 மணிக்குள் கட்டிவிடலாம். எலுமிச்சைச் சாதத்தை அதற்குப் பிறகு செய்யுங்கள், 7.30-க்கு முடியும். 10 மணிக்கு வண்டி நகர்ந்ததும் அது இரவுச் சாப்பாடு. வயது மூன்று மணி நேரம்கூட இல்லை.

மறுநாள் காலை வாரங்கல் பக்கத்தில் இட்லி. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவிய இட்லி, சட்னி கிடையாது. இட்லியும் புளித்த மாவில் வந்ததுதான், ஆனாலும் அதைக் காலையோடு முடித்துவிடுங்கள்.

பகல் 12 மணி, பல்லார்ஷாவுக்கும் நாக்பூருக்கும் நடுவில், புளிச்சோறு. கலந்து 18 மணி நேரம். ருசியும் இந்த நேரத்தில்தான் முழுதாக ஏறியிருக்கும். பொட்டலங்களை ராத்திரி எங்கே வைத்தீர்கள் என்பது முக்கியம். மேல் பெர்த்தில் வைத்தால் கூரையின் சூடு நேராக இறங்கும், ஜன்னலோரம் வைத்தால் வெயில். கீழ் இருக்கைக்கு அடியில், பையைத் திறந்தபடி, தரையை ஒட்டி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை பாதி.

இரவு 8 மணி, போபால் பக்கம். மிச்சமிருக்கும் புளிச்சோற்றைச் சாப்பிடலாமா? கலந்து 26 மணி நேரம் ஆகிறது. மார்கழியில் குளிர்சாதனப் பெட்டியில் போகும்போது நான் சாப்பிட்டிருக்கிறேன். மே மாத ஸ்லீப்பரில் மாட்டேன். சரி, பட்டினியா? அதற்குத்தான் காய்ச்சலில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைக்கச் சொன்னேன். சின்ன எவர்சில்வர் டப்பாவில் அதையும், தனிப் பையில் 250 கிராம் கெட்டி அவலையும் கொண்டுபோங்கள். பாட்டில் தண்ணீரில் அவலை அலசி, தண்ணீரை வடித்து, பத்து நிமிடம் மூடி வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். அதில் காய்ச்சலைக் கலந்து, வேர்க்கடலையைப் போட்டால் அப்போதுதான் செய்த புளி அவல். அவல் காய்ந்த பொருள், காய்ச்சல் கெடாத பொருள். இரண்டும் சேரும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நாலு பேருக்கும் போதும், யாரும் பேன்ட்ரி காரைத் தேட வேண்டாம்.

பிரித்ததும் பார்க்க வேண்டியது

புளிச்சோற்றில் கெட்ட வாடை சுலபமாகத் தெரியாது. பெருங்காயமும் வெந்தயமும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மூக்கைவிடக் கண்ணையும் விரலையும் நம்புங்கள். பொட்டலத்தின் நடுவிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால், நூல் விட்டால், வழுவழுப்பாக இருந்தால் வேண்டாம். டப்பாவின் மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது காற்று வெளியேறும் சத்தம் கேட்டாலும், கள் மாதிரி வாடை அடித்தாலும் அது ஈஸ்ட்டின் வேலை. புளிப்பு ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் தடுக்காது, அவை புளிப்பிலேயே சுகமாக வளரும். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொட்டு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல், நடுவில் வெள்ளைக் கட்டி மட்டும் தெரிகிறது என்றால்? நான் அந்தப் பொட்டலத்தையும் சாப்பிட மாட்டேன். புளி படாத சோறு 18 மணி நேரம் சூட்டில் கிடந்திருக்கிறது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் கூட வந்தால் மறுநாள் பகல் பொட்டலத்தையே அவர்களுக்குக் கொடுக்காமல், காலையிலேயே அவலுக்குப் போய்விடுவது நல்லது.

உங்கள் கைப்பக்குவம் சரியா என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பரிசோதனைக்கூடப் பொருள்கள் விற்கும் கடைகளில் பிஎச் தாள் கிடைக்கும். கலந்த சோற்றின் கட்டி ஒன்றின் நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதே அளவு காய்ச்சி வடித்த நீரில் மசித்து, சில நிமிடம் கழித்துத் தெளிந்த நீரில் தாளை நனையுங்கள். மஞ்சள்தூள் தாளின் நிறத்தைக் குழப்பும், அதனால் சோதனைக்கு மட்டும் மஞ்சள் இல்லாத காய்ச்சல் கொஞ்சம் செய்துகொள்ளுங்கள். தாள் 4-ஐயோ அதற்குக் கீழேயோ காட்டினால் நல்லது. 5 என்று காட்டினால் அந்தச் சோற்றை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறை புளியை ஏற்றுங்கள். நான் முதல் முறை சோதித்தபோது தாம்பாளத்தின் ஓரத்தில் எடுத்த சோறு 4 காட்டியது, நடுவில் எடுத்தது 5-ஐத் தாண்டியது. கலந்தது நான்தான், நன்றாகக் கலந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு தாம்பாளம்.